இரண்டு பின் வைத்து ஸ்பர் கியர் அளக்கும்போது கணக்கு எங்கே தவறுகிறது

அளவு வராவிட்டால் உடனே கியரைக் குறை சொல்லாதீர்கள். பல நேரம் தப்பு, நாம் எதிர்பார்த்த எண்ணிலேயே இருக்கும்.

ஒரு கியரை எடுத்துக்கொள்வோம்: மாட்யூல் 2, 25 பல், அழுத்தக் கோணம் 20°, பின் விட்டம் 3.5 மி.மீ. பல் தடிமன் பிட்ச்சில் சரிபாதி, அதாவது பேக்லாஷுக்காகக் குறைக்கவில்லை, ப்ரொஃபைல் ஷிஃப்டும் இல்லை (இருந்தால் கீழே உள்ள சூத்திரம் அப்படியே பொருந்தாது).

```
inv φ = inv 20° + d/(m·z·cos 20°) − π/(2z)
M = (m·z·cos 20° / cos φ)·cos(90°/z) + d
```

M என்பது எதிரெதிர்ப் பல்லிடைகளில் வைத்த இரண்டு பின்களுக்கும் வெளிப்புறமாக எடுக்கும் அளவு, m மாட்யூல், z பல் எண்ணிக்கை, d பின் விட்டம், φ பின்னின் மையத்தில் வரும் அழுத்தக் கோணம். inv என்பது tan-இலிருந்து அதே கோணத்தை ரேடியனில் கழிப்பது; inv 20° = 0.01490. டிகிரியிலேயே கழித்தால் மைனஸ் 19.6 என்று வரும், அபத்தமாக இருப்பதால் அந்தத் தப்பு உடனே பிடிபட்டுவிடும். நம் கியருக்கு inv φ = 0.02656, அதற்கு φ ஏறக்குறைய 24.06°, M = 54.854 மி.மீ.

பிடிபடாத தப்பு cos(90°/z)-ஐ விட்டுவிடுவதுதான். பல் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் ஒரு பல்லிடைக்கு நேர் எதிரே பல்தான் இருக்கும், அதனால் இரண்டாவது பின் கொஞ்சம் தள்ளித்தான் உட்காரும், அளவும் அந்த அளவுக்குக் குறையும். இரட்டைப்படைச் சூத்திரத்தை இங்கே போட்டால் 54.956 வருகிறது. 0.1 தானே என்று நினைக்கலாம், ஆனால் அந்த எண்ணை நம்பி வெட்டுவதை நிறுத்தினால் ஒவ்வொரு பல்லும் சுமார் 0.044 மி.மீ. தடியாக நின்றுவிடும், ஜோடி சேர்க்கும்போது இறுக்கும்.

அப்புறம் பின். கையில் கிடைத்த ட்ரில்லின் ஷாங்கை வைத்து அளப்பது எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். 3.5 என்று பொறித்திருந்தாலும் ஷாங்க் அதைவிடச் சற்று மெலிந்திருப்பது சகஜம். மெலிந்த பின் பல்லிடையில் ஆழமாக இறங்கும், அதனால் பின்னில் 0.02 குறைந்தால் M-இல் 0.02 அல்ல, கிட்டத்தட்ட 0.07 குறைகிறது, இந்தக் கியரில் மூன்றரை மடங்கு. எனவே மெலிந்த ஷாங்கை வைத்துக்கொண்டு, கணக்கில் 3.5 என்று போட்டால் சரியான கியரும் மெலிந்ததாகத் தெரியும். ட்ரில்லையே வைக்க வேண்டியிருந்தால் சரி, முதலில் ஷாங்கை மைக்ரோமீட்டரில் அளந்து, வந்த எண்ணையே d-யாகப் போடுங்கள். இரண்டு பின்னும் ஒரே விட்டமாக இருக்க வேண்டும்.

வரைபடத்தில் பேக்லாஷுக்காகப் பல் தடிமனை 0.1 குறைக்கச் சொல்லியிருந்தால், M-இலிருந்தும் 0.1 கழிப்பவர்கள் உண்டு. கழிக்க வேண்டியது சுமார் 0.23, காரணம் பல் மெலிந்தால் பின் இரண்டு பக்கத்திலும் உள்ளே இறங்குகிறது. φ 24° அருகே இருக்கும் இந்தக் கியருக்குத்தான் 2.3 மடங்கு. வேறு கியர் என்றால் cos 20°-ஐ sin φ-ஆல் வகுத்து, ஒற்றைப்படைக்கு cos(90°/z)-ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள்.