ஆஸ்திரேலியாவில் வீட்டுக் கடன்: கொங்கு நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஆஃப்செட் கணக்கு வழிகாட்டி

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து மெல்பர்னுக்கோ சிட்னிக்கோ வந்து வீடு வாங்கும்போது, கடன் படிவத்தில் 'ஆஃப்செட் வேண்டுமா' என்று ஒரு கேள்வி இருக்கும். பலர் அதைப் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். ஊரில் பனியன் கம்பெனியோ மில்லோ நடத்தும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. கம்பெனியின் சிசி கடன் கணக்கில் பில் பணம் வந்து விழுந்தால், அன்றிலிருந்து அந்த அளவுக்கு வட்டி குறையும்; நூல் வாங்க எடுத்தால் மறுபடி ஏறும். ஆஃப்செட்டும் இதே கணக்குதான். ஒரே வித்தியாசம், இங்கே கடன் ஒரு கணக்காகவும் உங்கள் சேமிப்பு இன்னொரு கணக்காகவும் தனித்தனியே இருக்கும். வட்டி போடும்போது மட்டும் வங்கி கடனிலிருந்து சேமிப்பைக் கழித்துப் பார்க்கும்.

ஒரு கணக்குப் போடலாம். கடன் 6,00,000 டாலர், வட்டி 6 சதவீதம், 30 ஆண்டு. மாதத் தவணை ஏறத்தாழ 3,597 டாலர். ஆஃப்செட்டில் 60,000 டாலர் இருக்கிறது. வங்கி வட்டி போடுவது 5,40,000-க்கு மட்டும்தான். ஒரு நாள் வட்டி 98.63 டாலருக்குப் பதில் 88.77 டாலர். 30 நாள் மாதத்தில் 2,959-க்குப் பதில் 2,663. தவணை குறையாது, அதே 3,597 தான் போகும். குறைந்த 296 டாலர் அசலில் போய்ச் சேரும். அந்த 60,000 அப்படியே கிடந்து, வட்டி விகிதமும் மாறாமல் இருந்தால், சுமார் 23 ஆண்டு 2 மாதத்தில் கடன் பாக்கி 60,000-க்கு வந்துவிடும். ஆஃப்செட்டில் இருப்பதை எடுத்துக் கட்டினால் கடன் முடிந்தது.

வட்டியை நாள்தோறும் கணக்கிட்டு, மாதம் ஒருமுறை கடனில் பற்று வைக்கிறார்கள். அதனால் பணம் கணக்கில் எத்தனை நாள் கிடந்தது என்பதே முக்கியம். சம்பளம் நேராக ஆஃப்செட்டுக்கு வரும்படி அலுவலகத்தில் கணக்கு எண்ணை மாற்றிக் கொடுங்கள். மளிகை, பெட்ரோல் செலவைக் கிரெடிட் கார்டில் போட்டு, கடைசித் தேதியில் முழுத் தொகையும் ஆஃப்செட்டிலிருந்து தானாகப் போகும்படி வையுங்கள். முழுத் தொகை என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறோம். கார்டு பாக்கியில் ஏறும் வட்டி வீட்டுக் கடன் வட்டியைப்போலப் பல மடங்கு, ஆஃப்செட்டில் மிச்சம் பிடித்ததை அது தின்றுவிடும்.

வரி விஷயத்தில்தான் இதன் பலம் தெரியும். சேமிப்புக் கணக்கு 5 சதவீதம் தருகிறது என்று வைப்போம். 45,000 டாலருக்கு மேல் 1,35,000 வரையிலான வருமானத்துக்கு 30 சதவீத வரி, அதோடு மெடிகேர் 2 சதவீதம். கையில் நிற்பது 3.4 சதவீதம்தான். ஆஃப்செட்டில் உங்களுக்கு வட்டி எதுவும் வருவதில்லை, கட்டவேண்டிய வட்டி குறைகிறது, அவ்வளவுதான். வருமானம் இல்லாததால் வரியும் இல்லை. 6 சதவீதம் முழுதாக நிற்கும். வெளியே இதற்கு ஈடு வேண்டுமானால் 8.8 சதவீதம் தரும் இடத்தைத் தேட வேண்டும்.

ஆனால் எல்லோருக்கும் இது லாபமில்லை. ஆஃப்செட் உள்ள கடனுக்கு ஆண்டுக் கட்டணம் இருக்கலாம், வட்டியும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். கட்டணம் 395 டாலர், வட்டி 0.15 சதவீதம் அதிகம் என்றால், 6 லட்சம் கடனுக்கு ஆண்டுக்கு 1,295 டாலர் கூடுதல் செலவு. அதை ஈடுகட்டவே ஆஃப்செட்டில் சராசரியாக 21,600 டாலர் கிடக்க வேண்டும். முன்பணம் கட்டி, பத்திரச் செலவு முடித்துக் கையில் ஐயாயிரம் நிற்பவர்கள் சாதாரணக் கடனே எடுப்பது நல்லது.

தவறு நடப்பது பெரும்பாலும் தொடக்கத்தில்தான். ஆஃப்செட் கணக்கைத் திறந்திருப்பார்கள், கடனோடு இணைத்திருக்க மாட்டார்கள். செயலியில் இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், இணைந்திருப்பதாகவே தோன்றும். முதல் மாத ஸ்டேட்மென்ட் வந்ததும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: கடன் பாக்கியிலிருந்து ஆஃப்செட் இருப்பைக் கழித்து, வட்டி விகிதத்தால் பெருக்கி, 365-ஆல் வகுத்து, நாட்களால் பெருக்கினால் வரும் தொகையும் வங்கி போட்ட வட்டியும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். மேலே சொன்ன கடனில் 2,663-க்குப் பதில் 2,959 என்று இருந்தால் இணைப்பு இல்லை. உடனே எழுத்தில் கேட்டு, கணக்குத் திறந்த நாளிலிருந்து திருத்தச் சொல்லுங்கள். நிலையான வட்டிக் கடன்களில் பல வங்கிகள் ஆஃப்செட் தருவதில்லை, அல்லது ஒரு பகுதிக்கு மட்டும் தருகின்றன. கடனைப் பாதி நிலை வட்டி, பாதி மாறும் வட்டி என்று பிரித்தவர்கள், ஆஃப்செட் மாறும் வட்டிப் பகுதியோடு இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பகுதியின் பாக்கிக்கு மேல் கிடக்கும் பணத்துக்கு எந்தப் பலனும் இல்லை.

ஊரிலிருந்து அப்பா போனில் கேட்பார்: "கையில பணத்த வெச்சுட்டு எதுக்குங் கண்ணு வட்டி கட்டோணும், கடன்ல கட்டிப் போடு." கடனில் கூடுதலாகக் கட்டினாலும் வட்டி அதே அளவுதான் குறையும். கட்டிய பணத்தை ரீடிரா வசதியில் திரும்ப எடுக்கவும் முடியும். வித்தியாசம் பின்னால்தான் தெரியும். 5 லட்சம் கடன், 1 லட்சம் சேமிப்பு உள்ளவர், சில ஆண்டு கழித்து இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, தான் குடியிருக்க வேறு வீடு வாங்குகிறார் என்று வையுங்கள். பணம் ஆஃப்செட்டில் இருந்திருந்தால், அதை எடுத்துப் புது வீட்டுக்குப் போடலாம். பழைய கடன் முழுதும் வாடகை வீட்டுக் கடனாகவே நிற்பதால் அதன் வட்டி முழுவதையும் வாடகை வருமானத்தில் கழிக்கலாம். கடனில் கட்டி ரீடிராவில் எடுத்திருந்தால், அந்த 1 லட்சம் சொந்த வீட்டுக்காகப் புதிதாக வாங்கிய கடனாகக் கருதப்படும், அதன் வட்டிக்குக் கழிவு இல்லை. ஐந்தில் நான்கு பங்கு வட்டிக்குத்தான் கழிவு. எப்போதாவது வீட்டை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் ஆஃப்செட்டையே வையுங்கள்.

கடைசியாக, கோவையில் கிடக்கும் என்ஆர்இ வைப்பு. வட்டி 6.5 சதவீதம் என்று வைப்போம், இந்தியாவில் அதற்கு வரியில்லை என்பதால் பலர் அசைக்க மனமில்லாமல் விடுகிறார்கள். நிரந்தர வசிப்புரிமை பெற்ற பிறகு அந்த வட்டியை ஆஸ்திரேலிய வரிக் கணக்கில் காட்டியாக வேண்டும். 32 சதவீதம் போனால் 4.4 தான் மிச்சம், ரூபாய் மதிப்பு இறங்கினால் அதுவும் கரையும். தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டு முதலீட்டு வருமானத்துக்குப் பொதுவாக இங்கே வரியில்லை, அதுவரை அவசரம் வேண்டாம். என்ஆர்இ வைப்பை ஓராண்டுக்குள் உடைத்தால் வட்டியே கிடைக்காது, ஆகவே முதிர்வுத் தேதியைப் பார்த்து எடுத்து ஆஃப்செட்டில் போடுங்கள், தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இருந்தால் முன்கூட்டியே ரத்து செய்யுங்கள். என்ஆர்ஓ கணக்குப் பணமாக இருந்தால் ஆண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை கொண்டுவரலாம். அதற்குப் பொதுவாக ஊரிலுள்ள ஆடிட்டரின் சான்றும் வருமான வரிப் படிவமும் வேண்டும், வீட்டுப் பதிவுத் தேதிக்கு வெகு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.