உழவுக் கூலியில் மெசினின் விலையும் இருக்கட்டும்

லாண்ட்மாஸ்டரை வாடகை உழவுக்கு விடுபவர்கள், கூலி பேசும்போது டீசலோடும் ஓட்டுநர் சம்பளத்தோடும் பெறுமானத் தேய்வையும் ஏக்கர் கணக்கில் சேருங்கள். உதாரணமாக, 6 இலட்சத்துக்கு வாங்கி, 8 வருடத்தில் 800 ஏக்கர் உழுது, 1.2 இலட்சத்துக்கு விற்கலாம் என்று வையுங்கள். தேய்வது 4.8 இலட்சம், ஏக்கருக்கு 600 ரூபாய். அதை விட்டுக் கணக்குப் பார்த்தால், இலாபமாகத் தெரிவதில் ஒரு பங்கு மெசினின் சொந்த விலைதான்.

வருடத்துக்கு 60,000 என்று சமமாகப் பிரிப்பதும் சரியான முறையே. ஆனால் வன்னியில் குளத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் சிறுபோக உழவு குறைந்துவிடும். அதனால் ஏக்கர் கணக்கே பொருந்தும். ஓடாமல் வெயிலிலும் மழையிலும் நின்று துருப்பிடிக்கும் மெசினுக்கு இது பொருந்தாது, அதற்கு வருடக் கணக்குத்தான். லீசிங் தவணையைத் தேய்வாக எழுதாதீர்கள், அது கடன்.