கயிறு காத்திருக்கக் கூடாது

கிணற்றில் விழுந்த ஆட்டை மீட்க ஒருவன் கயிற்றில் இறங்குகிறான். அதே கிணற்றில் அப்பா செத்தது நினைவுக்கு வருகிறது. அங்கேதான் என் கதை நான்கு நாள் படுத்துவிட்டது.

நினைவைச் சுருக்கினேன், தொடக்கத்துக்கு நகர்த்தினேன். தொய்வு போகவில்லை. அப்புறம்தான் கண்ணில் பட்டது: நினைவுக்குள் போகும்போது ஒரு புரி அறுந்திருந்த கயிறு, ஒன்றரைப் பக்கம் கழித்தும் அப்படியே இருந்தது. அதுவரை ஆள் சும்மா தொங்கியிருக்கிறான்!

நினைவை இரண்டாக உடைத்தேன். கால் பாசியில் வழுக்கியதும் முதல் துண்டு, நான்கே வரி. “அப்பாவும் இங்கேதான் காலை வைத்திருந்தார்” என்று, இது பழைய நினைவு எனக் காட்ட முதல் வினையில் மட்டும் ‘இருந்தார்’. பிறகு ‘பிடித்தார்’, ‘வழுக்கினார்’ என்று நேராக ஓடவிட்டேன். நினைவிலிருந்து கயிற்றுக்குத் திரும்பி வந்தபோது இரண்டாம் புரியும் போயிருந்தது. அப்பா எப்படிச் செத்தார் என்பதை, ஒற்றைப் புரியில் அவன் ஆட்டைத் தொடும்போதுதான் சொன்னேன்.