இறுகிப்போன பில்டர் கிண்ணம்: பட்டி ஸ்பனரை எடுக்கும் முன்

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் வீட்டுத் தண்ணீர் பில்டரின் உள்ளே இருக்கும் வடிகட்டும் உருளையை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில்தான், கீழே தொங்கும் தெளிவான பிளாஸ்டிக் கிண்ணம் அசைய மறுக்கும். உடனே பட்டி ஸ்பனரை மாட்டி முழுப்பலத்தோடு இழுக்கிறோம். கிண்ணம் வெடிப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

அதிகம் நடக்கும் தவறு திசை மாறித் திருப்புவது. கிண்ணம் மூடிக்குக் கீழே தொங்குவதால், மேலிருந்து பார்த்துக்கொண்டு போத்தல் மூடியைத் திறப்பதுபோல் திருப்பினால் அது மேலும் இறுகும். கீழே குனிந்து அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். நேரே எதிரில் நிற்பவருக்குக் கிண்ணத்தின் முன்பக்கம் இடக்கைப் பக்கம் நகர வேண்டும்.

அடுத்தது உள்ளே நிற்கும் அழுத்தம். மேல்தொட்டியிலிருந்து வரும் வால்வையும், வெளியே போகும் குழாயில் வால்வு இருந்தால் அதையும் பூட்டிவிட்டு, மூடியின் உச்சியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். சிறிது நீர் பீறிட்டு நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். சுண்ணாம்பு படிந்த பழைய வால்வுகளில் இது சாதாரணம். அப்படியானால் தொட்டியடியில் உள்ள வால்வைப் பூட்டுங்கள். பொத்தான் இல்லாத பில்டரில், தொட்டியிலிருந்து வரும் வால்வை மட்டும் பூட்டி, வெளியே போகும் குழாயின் வால்வைப் பூட்டாமல், அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் இடத்தைத் திறந்து விட்டாலே போதும்.

பிறகு ஸ்பனர். பட்டியைக் கிண்ணத்தின் நடுவில் சுற்றாதீர்கள். மெல்லிய சுவர் அங்கே நசுங்கிக் கீறல் விடும். மரைக்குச் சற்றுக் கீழே, தடித்த மேற்பகுதியிலேயே சுற்றுங்கள். ஈரத்தில் பட்டி வழுக்கும் என்பதால் துணியால் துடைத்து, பழைய சைக்கிள் ரியூப் துண்டொன்றை இடையில் வையுங்கள். கைப்பிடியை மெதுவாக இழுக்கும்போது பட்டி இறுகிப் பிடிக்க வேண்டும். தளர்ந்து சுழன்றால் தலைமாறிச் சுற்றியிருக்கிறீர்கள். மறுகையால் மூடியைப் பிடித்துக்கொள்வது கட்டாயம், இல்லையென்றால் மூடியோடு இணைந்த பிவிசி பைப்பின் மரை முறியும். வெட்டி இழுக்காமல், ஒரே சீரான இழுப்பாகப் பலத்தைக் கூட்டுங்கள். சங்கிலி போட்ட ஸ்பனரும் சுத்தியலும் இங்கே வேண்டாம்.

கொக்குவிலில் ஒரு வீட்டில் இறுக்கம் தளரக் கொதிநீரை ஊற்றினார்கள். கிண்ணம் திறந்தது, ஆனால் மரையோரத்தில் முடிபோன்ற வெண்கீறல்கள் தோன்றியிருந்தன. நகத்தால் தடவினால் உணர முடியும். அத்தகைய கிண்ணத்தைத் திரும்பப் பூட்டக் கூடாது, நீரின் அழுத்தத்தில் அது பிளந்துவிடக்கூடும். துரு இளக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் பெற்றோலும் இதே கெடுதலைச் செய்யக்கூடும்.

திரும்பப் பூட்டும்போது நீரைத் தடுப்பது ரப்பர் வளையம்தான். அதையும் அதன் பள்ளத்தையும் துடைத்து, சிலிக்கோன் கிறீஸை மெல்லியதாகப் பூசி, கையால் இறுகும் அளவுக்கு மட்டும் பூட்டுங்கள். வசலின் பூசினால் சில வகை வளையங்கள் ஊதிவிடும். அப்போதும் கசிந்தால் ஸ்பனரால் இறுக்காதீர்கள். கழற்றி, வளையம் முறுகியிருக்கிறதா, மண் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.