பில்லை ரூபாய்க்கு முழுமையாக்கும்போது செய்யும் தவறுகள்

ஒரு ஹார்டுவேர் கடையின் மாதக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரவுண்ட் ஆஃப் கணக்கில் 1,846 ரூபாய் நஷ்டம் என்று இருந்தது. அந்த மாதம் போட்ட பில் மொத்தம் 2,100. ஒரு பில்லில் அதிகபட்சம் 50 காசுதான் கூடவோ குறையவோ முடியும். அப்படியானால் எல்லா பில்லும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் 1,050 ரூபாயைத் தாண்டாது. வழக்கமாகக் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, சில பத்து ரூபாயில்தான் நிற்கும்.

தேடிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. “1,043 வேண்டாம், 1,040 கொடுங்க” என்று கல்லாவில் விட்டுக்கொடுத்த மூன்று ரூபாய்களெல்லாம் அந்தக் கணக்கில்தான் போயிருந்தன. நான் பார்ப்பதில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். சில்லறை இல்லாததால் 26 காசை விடுவது ரவுண்ட் ஆஃப். வாடிக்கையாளருக்காக 3 ரூபாய் குறைப்பது தள்ளுபடி, அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் கல்லாவில் உண்மையாகவே பணம் குறைந்தாலும் கண்ணில் படாது. பில் எண்ணிக்கையில் பாதி என்ற அந்த எல்லையை மாதக் கடைசியில் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், தப்பு வெளியே வந்துவிடும்.

சில்லறை தட்டுப்பாடு தெரிந்த கதைதான். 25 காசும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் 2011 ஜூன் கடைசியில் செல்லாமல் போயின. 50 காசு இன்றும் சட்டப்படி செல்லும், ஆனால் கடையில் நீட்டினால் முறைப்பார்கள்.

அடுத்த தவறு, முழுமையாக்குவதற்காக வரியில் கை வைப்பது. ஆணியும் கீலும் சேர்த்து வரிக்கு முன் 437.50 என்று வைத்துக்கொள்வோம். வரி 18 சதவீதம். மத்திய வரி 39.38, மாநில வரி 39.38, மொத்தம் 516.26. வாங்க வேண்டியது 516. அந்த 26 காசு, வரிகளுக்குக் கீழே தனி வரிசையில் இப்படி வர வேண்டும்:

```
வரிக்கு முன்      437.50
CGST 9%            39.38
SGST 9%            39.38
Round Off          -0.26
மொத்தம்           516.00
```

சிலர் இரண்டு வரியையும் 39 ஆக்கிவிடுகிறார்கள். கூட்டினால் 515.50, அதை மேலே ஏற்றினால் 516. வாங்கும் தொகை அதேதான், அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் பில்லில் காட்டிய வரி 78, சதவீதப்படி வர வேண்டியது 78.76. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மதிப்புக்கும் வரிக்கும் பொருந்தாமல் உதைக்கும். இப்படி நூறு பில் சேர்ந்துவிட்டால் எந்தப் பில் என்று தேடவே ஒரு நாள் போய்விடும்.

ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியே முழுமையாக்குவதும் இதே ரகம்தான். ஐந்து பொருளும் 40 காசில் முடிகிறது என்றால், தனித்தனியே குறைத்தால் 2 ரூபாய் போகும். மொத்தத்தைக் கூட்டினால் சரியாக முழு ரூபாய் வரும், குறைக்க ஒன்றுமே இல்லை. கடைசி மொத்தத்தில் ஒரே ஒரு முறை முழுமையாக்கினால் போதும். (சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பது ரவுண்ட் ஆஃபே இல்லை. அது பில் போடாத விற்பனை. இருப்பில் மிட்டாய் குறையும், காரணம் தெரியாது.)

டேலி வைத்திருப்பவர்கள் இதைக் கையால் போடவே வேண்டாம். ரவுண்ட் ஆஃப் லெட்ஜரில் `Type of Ledger` என்ற இடத்தில் `Invoice Rounding`, முறைக்கு `Normal Rounding`, எல்லைக்கு 1 என்று கொடுத்துவிட்டால், பில்லில் அந்த லெட்ஜரைத் தேர்ந்தெடுத்ததும் தொகை தானாக விழும். கையால் அடிக்கும் கடைகளில்தான் மூன்று ரூபாயும் நான்கு ரூபாயும் உள்ளே நுழைகின்றன.

கடன் பில்லில் இன்னொரு சிக்கல். பில்லை 516.26 என்றே விட்டுவிட்டு, பணம் வரும்போது 516 வாங்கினால், அந்த 26 காசு பார்ட்டி கணக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இருபது பில் கழித்து அவர் பெயரில் நான்கு ஐந்து ரூபாய் பாக்கி காட்டும். அவரோ எல்லாம் கொடுத்தாச்சு என்பார், அவர் சொல்வதும் சரிதான். அதனால் கடனோ ரொக்கமோ, பில் போடும்போதே முழுமையாக்கிவிட வேண்டும். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பழைய மிச்சங்களை ஒரே ஜர்னல் என்ட்ரியில் ரவுண்ட் ஆஃப் கணக்குக்கு மாற்றலாம். குறிப்பில் மட்டும் ‘பழைய மிச்சம்’ என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த மாதம் பில் எண்ணிக்கையில் பாதியைத் தாண்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, காசாளரைத்தான் முதலில் கேள்வி கேட்பார்கள்.