போன்ல படிக்க முடியாத ஸ்க்ரீன்ஷாட்டை நான் சரி பண்ணின விதம்

கூகுள் ஷீட்ஸ்ல டிராப்டவுன் வைக்கிறது எப்படின்னு 1080 x 1350 பிக்சல் அளவுல, ஸ்வைப் பண்ணி ஸ்லைடு ஸ்லைடா பார்க்கிற ஒரு கரௌசல் செஞ்சேன், லேப்டாப்ல பளிச்சுன்னு தெரிஞ்சது, போன்ல பார்த்தா மெனு எழுத்து எறும்பு மாதிரி. காரணம் சிம்பிள்தான், 1920 பிக்சல் அகல ஸ்க்ரீனை முழுசா எடுத்து 1080க்குள்ள அடக்கினா எழுத்து கிட்டத்தட்ட பாதி சைஸுக்கு வந்துடும், அதை போன் இன்னும் சுருக்கிடும்.

இதுக்கு பிரவுசரை Ctrl + அழுத்தி 200% ஆக்கிட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். ஷீட்ஸ் டூல்பார்ல இருக்கிற 100%ஐ மாத்தினா செல் மட்டும்தான் பெருசாகும், மெனு அப்படியே இருக்கும், அதனால பிரவுசர் ஜூம்தான் வேணும். அப்புறம் தேவையான இடத்தை மட்டும் 1080 பிக்சல் அகலத்துக்கு கிராப் பண்ணேன், இழுத்து பெருசாக்கவே இல்ல, அதனாலதான் எழுத்து மங்கலாகல.

அடுத்து நம்பர். மூணாவது ஸ்லைடுல 3/6ன்னும் இருக்கு, படத்துக்குள்ள 1, 2ன்னு வட்டமும் இருக்குன்னா பார்க்கிறவங்க எது ஸ்டெப்புன்னு குழம்புறாங்க. இப்போ ஒரு ஸ்லைடுக்கு ஒரே கிளிக், ஒரே வட்டம், ஸ்டெப் நம்பரே வட்டத்துக்குள்ள, 3/6ஐ தூக்கிட்டேன். முதல்ல Data, ரெண்டாவது Data validation, மூணாவது Add rule, இப்படியே Done வரைக்கும். வட்டத்தை பட்டன் மேல வைக்காம பக்கத்துல வைக்கணும், இல்லன்னா பட்டன் பேரே மறைஞ்சிடும்.

ரொம்ப கிராப் பண்ணா ஸ்க்ரீன்ல அது எந்த மூலைன்னு தெரியாது, அதுக்கு முதல் ஸ்லைடுல மட்டும் முழு ஸ்க்ரீனும் வச்சு அந்த இடத்தை கட்டம் போட்டு காட்டிடுறேன்.