பிரீபிரிண்ட்டை மேற்கோள் காட்டலாமா என்று விரிவுரையாளரிடம் மின்னஞ்சலில் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஐயா, ஆய்வேட்டில் பிரீபிரிண்ட்டை மேற்கோள் காட்டலாமா?" என்று ஒற்றை வரியில் கேட்டால், எந்த விரிவுரையாளராலும் உருப்படியான பதில் சொல்ல இயலாது. எந்தக் கட்டுரை, அதிலிருந்து எதை எடுக்கிறீர்கள், உங்கள் வாதம் எந்த அளவுக்கு அதைச் சார்ந்திருக்கிறது என்பவை அதில் இல்லை. பின்னணியைச் சொல்ல ஓரிடத்தில் குறிப்பிடுவதற்கு உடனே சம்மதிப்பவர்கூட, ஓர் அத்தியாயத்தின் முடிவே அந்தக் கட்டுரையை நம்பியிருக்கிறது என்றால் தயங்குவார். மதிப்பாய்வைக் கடக்காத ஒரு முடிவு தவறாகிப்போனால் அத்தியாயமும் அதோடு விழும் என்பதால் அந்தத் தயக்கம் நியாயமானதே.

"பிரீபிரிண்ட் என்றாலே நம்பத்தகாதது" என்ற எண்ணத்தோடு, மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதுவதும் தவறுதான். பாயின்கரே ஊகத்தைத் தீர்த்துவைத்த கிரிகோரி பெரல்மானின் மூன்று கட்டுரைகளும் 2002, 2003 ஆண்டுகளில் ஆர்கைவ் தளத்தில் மட்டுமே வெளிவந்தன; அவர் அவற்றை எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. ஆனால் பிற கணிதவியலாளர்கள் அவற்றை ஆண்டுக்கணக்கில் வரிவரியாகச் சரிபார்த்து விரிவான நிரூபணங்களை வெளியிட்டார்கள். ஆகவே, அந்த முடிவை வேறு யார் சரிபார்த்திருக்கிறார்கள் என்பதைத் தேடிப் பார்த்து மின்னஞ்சலிலேயே சொல்லிவிட வேண்டும். முதுநிலைக் கணித மாணவர் ஒருவர் இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். என் ஆய்வேட்டின் 3ஆம் அத்தியாயத்தில், பெரல்மானின் `arXiv:math/0211159v1` கட்டுரையில் 4ஆம் பகுதியிலுள்ள தேற்றத்தைப் பயன்படுத்துகிறேன். அது ஆய்விதழில் வெளிவரவில்லை. நிரூபணத்தின் விவரங்களுக்கு, கிளைனரும் லாட்டும் 2008இல் ஜியாமெட்ரி அண்ட் டோபாலஜி இதழில் வெளியிட்ட விளக்கக் கட்டுரையைப் பின்பற்றியிருக்கிறேன். தேற்றத்துக்கு மூலத்தையும் நிரூபணத்துக்கு விளக்கக் கட்டுரையையும் மேற்கோள் காட்ட எண்ணுகிறேன். இது சரியா, அல்லது விளக்கக் கட்டுரை மட்டும் போதுமா?"

இதற்கு விரிவுரையாளர் இரண்டே வரியில் பதில் எழுதிவிடலாம்.

எண்ணின் இறுதியில் உள்ள `v1` பலர் விட்டுவிடும் ஒன்று. ஆர்கைவில் ஆசிரியர்கள் கட்டுரையைத் திருத்தி `v2`, `v3` என்று ஏற்றலாம். பதிப்பைக் குறிக்காத இணைப்பு எப்போதும் கடைசிப் பதிப்புக்கே போகும். நீங்கள் படித்த தேற்ற எண்ணோ அட்டவணையோ அதில் மாறியிருந்தால், விரிவுரையாளர் பார்ப்பது வேறொன்றாக இருக்கும்.

கட்டுரை ஏற்கெனவே இதழில் வந்துவிட்டதா என்று பார்க்காமல் கேட்பதும் அடிக்கடி நடக்கிறது. ஆர்கைவ் பக்கத்தில் இதழ் விவரம் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பெரும்பாலும் அதை ஆசிரியர்கள்தான் சேர்க்க வேண்டும், பலர் சேர்ப்பதில்லை. தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். அச்சில் வந்திருந்தால் அந்த வடிவத்தைப் படித்து, உங்களுக்குத் தேவையான முடிவு அதிலும் மாறாமல் இருக்கிறதா என்று ஒப்பிட்டு, அதையே மேற்கோள் காட்டலாம். மாறியிருந்தால்தான் விரிவுரையாளரிடம் கேட்க வேண்டியிருக்கும்.